டொராண்டோவில் விடிந்த பிறகு போய்ச் சேரட்டும்: நேரம் வைத்துச் செய்தி அனுப்பும் முறை

போன பிப்ரவரியில் ஒரு நாள். திருச்சியில் மதியச் சாப்பாடு முடித்துக் கை கழுவிய கையோடு, டொராண்டோவில் அறை வாடகைக்கு விடுகிற ஒருவருக்குக் குறுஞ்செய்தி தட்டிவிட்டேன். மணி ஒன்றரை. இரண்டு நிமிடத்தில் போன் அடித்தது. "தம்பி, இஞ்ச இப்ப விடியப்புறம் மூண்டு மணி. ஊரில ஆருக்கும் ஏதும் நடந்திட்டுதோ எண்டு பதறி எழும்பினனான்." யாழ்ப்பாணத்துக்காரர், முப்பது வருடமாக அங்கே இருக்கிறவர். திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

அதன் பிறகு கடிதமோ குறுஞ்செய்தியோ எல்லாவற்றையும் நேரம் வைத்துத்தான் அனுப்பினேன். அதிலும் சில முறை தவறினேன். செப்டம்பரில் படிக்கக் கிளம்புகிறவர்கள் ஜனவரியிலிருந்தே பேராசிரியர், துறை அலுவலகம், வீட்டுக்காரர் என்று எழுதத் தொடங்கிவிடுவார்கள். அவர்களுக்காக நான் செய்த வரிசையிலேயே எழுதுகிறேன். டொராண்டோவை வைத்துச் சொல்கிறேன். நியூயார்க்குக்கும் இதே நேரம்தான். வேறு ஊர் என்றால் எண்கள் மாறும், வேலை மாறாது.

செலவு: ஜிமெயிலிலும் டெலிகிராமிலும் எதுவும் இல்லை. இதற்கென்று காசு கேட்கும் செயலி எதுவும் வேண்டாம். வெளிநாட்டுக்கு அனுப்பும் சாதாரண எஸ்எம்எஸ்ஸுக்கு மட்டும் கட்டணம் உண்டு, அதைக் கீழே சொல்கிறேன். முதல் முறை அரை மணி நேரம் ஆகும், பழகினால் மூன்று நிமிடம்.

1. அவருக்கு எது நல்ல நேரம் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

"காலை ஒன்பது மணி" என்று கண்ணை மூடிக்கொண்டு வைத்துவிடாதீர்கள். அலுவலகத்தில் உட்கார்ந்து மின்னஞ்சல் பார்க்கிறவருக்குத்தான் அது சரி. துறை அலுவலகத்துக்கும் பேராசிரியருக்கும் செவ்வாய் முதல் வியாழன் வரை, காலை ஒன்பதேகாலை ஒட்டி வைத்தேன். திங்கள் காலையில் சனி ஞாயிறு சேர்ந்த கடிதங்களுக்குள் நம்முடையது புதைந்துபோகும். வெள்ளி மதியத்துக்கு மேல் எழுதினால் பதில் அடுத்த வாரம்தான்.

இதில் ஒரு வசதியும் இருக்கிறது. கோடையில் டொராண்டோ காலை ஒன்பதேகால் என்பது நமக்கு மாலை ஆறே முக்கால். அவர்கள் உடனே பதில் போட்டு ஏதாவது கேட்டால் நாம் விழித்திருப்போம். உண்மையைச் சொன்னால், அந்த நேரத்தில் நீங்கள் சும்மா இருப்பீர்கள் என்றால் நேரம் வைக்கவே தேவையில்லை, நேரடியாகவே அனுப்பிவிடலாம்.

வீட்டுக்காரர் விஷயம் வேறு. அவர் காலையில் வேலைக்குப் போய் மாலை ஆறு மணிக்கு வருகிறவர். எப்போது எழுதினால் வசதி என்று கேட்டேன். "ஏழு மணிக்குப் பிறகு போடுங்கோ தம்பி, சாப்பிட்டிட்டு ஆறுதலாப் பாப்பன்" என்றார். டொராண்டோ மாலை ஏழு என்பது கோடையில் நமக்கு மறுநாள் விடிகாலை நாலரை. நேரம் வைத்து அனுப்பும் வசதி உண்மையில் கைகொடுப்பது இங்கேதான். கேட்க முடிகிற ஆளாக இருந்தால் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது, ஊகிக்க வேண்டாம்.

2. அந்த நேரத்தை நம் நேரத்துக்கு மாற்றுங்கள், விரல்விட்டு எண்ண வேண்டாம்

நான் கவிழ்ந்த இடம் இது. கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

இந்தியாவுக்கும் டொராண்டோவுக்கும் இடைவெளி குளிர்காலத்தில் பத்தரை மணி நேரம், கோடையில் ஒன்பதரை மணி நேரம். மார்ச் மாதத்தின் இரண்டாவது ஞாயிறு விடிகாலையில் அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவார்கள். நவம்பர் முதல் ஞாயிறு திரும்பப் பின்னே தள்ளுவார்கள். 2026-ல் அந்த நாட்கள் மார்ச் 8, நவம்பர் 1. நாம் கடிகாரத்தைத் தொடுவதே இல்லை, அதனால் இது நம் நினைவில் நிற்காது.

எனக்கு நடந்ததைக் கேளுங்கள். ஒரு துறையிலிருந்து, நேர்காணலுக்கு எந்த நேரம் வசதி என்று திங்கட்கிழமை மார்ச் 9 காலை பத்து மணிக்குள் எழுதச் சொல்லியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை மார்ச் 6 அன்று உட்கார்ந்து பதில் எழுதினேன். அன்றைக்கு போனில் உலகக் கடிகாரத்தைப் பார்த்தால் பத்தரை மணி நேர வித்தியாசம். டொராண்டோ காலை ஒன்பதேகால் என்றால் நமக்கு இரவு ஏழே முக்கால் என்று கணக்குப் போட்டு, திங்கள் ஏழே முக்காலுக்கு நேரம் வைத்தேன். நடுவில் ஞாயிற்றுக்கிழமை அங்கே கடிகாரம் மாறிவிட்டது. என் கடிதம் போய்ச் சேர்ந்தது பத்தேகால். கெடு முடிந்து பதினைந்து நிமிடம். நல்ல நேரங்களை எல்லாம் மற்றவர்கள் எடுத்துவிட்டார்கள், எனக்குக் கிடைத்தது நம்மூர் நேரம் இரவு ஒன்றரை மணி நேர்காணல்.

உலகக் கடிகாரம் பொய் சொல்லவில்லை. அது எழுதுகிற நாளின் இடைவெளியைக் காட்டியது, எனக்கு வேண்டியது போய்ச் சேரும் நாளின் இடைவெளி. "இப்போது அங்கே மணி என்ன" என்று தேடினாலும் இதே கதைதான். கடிகாரம் மாறும் அந்த இரண்டு ஞாயிறுகளுக்கும் முந்தைய இரண்டு வாரம் இந்தக் கடிகாரத்தை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

நான் இப்போது கூகுள் காலண்டரை வைத்துத்தான் மாற்றுகிறேன். கணினியில் calendar.google.com திறந்து, `Create` அழுத்தி, `Event` எடுத்து, `More options` போங்கள். தேதிக்குப் பக்கத்தில் `Time zone` என்று இருக்கும். அதை அழுத்தி, பட்டியலில் `Eastern Time - Toronto` தேர்ந்தெடுங்கள். இப்போது டொராண்டோ தேதியையும் டொராண்டோ நேரத்தையும் அப்படியே தட்டுங்கள்: மார்ச் 9, காலை 9:15. யாரையும் விருந்தினராகச் சேர்க்காமல் சேமித்துவிட்டு நாட்காட்டிக்குத் திரும்பி வந்தால், அந்த நிகழ்வு உங்கள் நேரத்தில் மாலை 6:45-ல் உட்கார்ந்திருக்கும். கடிகார மாற்றத்தை அதுவே பார்த்துக்கொள்கிறது, ஏனென்றால் அது கேட்பது ஊரையும் தேதியையும்தான். தாளில் அந்த நம்மூர் நேரத்தையும் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். நிகழ்வை நான் அழிப்பதில்லை, கடிதம் போகும் நேரத்துக்கு நினைவூட்டலாக இருக்கட்டும் என்று விட்டுவிடுகிறேன்.

தேதியை விட்டுவிடாதீர்கள். வீட்டுக்காரருக்குச் செவ்வாய் மாலை ஏழு மணி என்றால் நமக்கு அது புதன் விடிகாலை 4:30. செவ்வாய் என்று மனதில் வைத்துக்கொண்டு செவ்வாய் 4:30 என்று தட்டினால், கடிதம் அவருக்குத் திங்கள் மாலையே போய்விடும். விடிகாலை நேரம் வந்தாலே, தேதி ஒன்று கூடியதா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. அவர்கள் கடிதத்தில் "10 AM EST" என்று எழுதியிருப்பார்கள். அந்தச் சுருக்கம் கண்டிப்பாகப் பார்த்தால் குளிர்கால நேரத்துக்கு மட்டும் உரியது. கோடையில் EDT என்று இருக்க வேண்டும். ஆனால் அங்கே ஜூலை மாதத்திலும் பழக்கத்தில் EST என்றே எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்ல வருவது "எங்கள் ஊர்க் கடிகாரத்தில் பத்து மணி" என்பதுதான். சுருக்கத்தை வைத்துக் கணக்குப் போடாமல் ஊரை வைத்துப் போடுங்கள்.

3. ஜிமெயிலில் நேரம் வைப்பது

கடிதத்தை எழுதி முடித்த பிறகு `Send` பொத்தானை அழுத்தாமல் அதன் ஓரத்தில் இருக்கும் சிறிய அம்புக்குறியை அழுத்துங்கள். `Schedule send` வரும். போனில் என்றால் மேலே மூலையில் உள்ள மூன்று புள்ளிக்குள் இருக்கிறது. நான் கணினியில்தான் செய்வேன், போனில் தேதி மாறித் தட்டுப்படுவது சுலபம்.

ஒரு சிறிய பெட்டி திறக்கும். அதில் `Tomorrow morning`, `Tomorrow afternoon`, `Monday morning` என்று தயாராகச் சில நேரங்கள் இருக்கும். அவற்றைத் தொடாதீர்கள். என் முதல் தவறு இதுதான். `Monday morning` காலை 8 மணி என்று பார்த்ததும், பெறுகிறவருக்குத் திங்கள் காலை என்று நினைத்து அழுத்திவிட்டேன். அது என் திங்கள் காலை. பிப்ரவரியில் நம் திங்கள் காலை எட்டு என்றால் டொராண்டோவில் ஞாயிறு இரவு ஒன்பதரை. ஒரு பேராசிரியருக்கு முதல் கடிதம் போக வேண்டிய நேரமா அது? பதில் வரவே இல்லை. அதனால்தான் என்று சொல்ல மாட்டேன், ஆனாலும் மனது கேட்கவில்லை.

ஜிமெயில் உங்கள் நேரத்தைத்தான் எடுத்துக்கொள்ளும். பெறுகிறவர் எந்த ஊரில் இருக்கிறார் என்று அதற்குத் தெரியாது, "அவர் நேரத்தில் அனுப்பு" என்று சொல்லவும் அங்கே வழி இல்லை. ஆகவே `Pick date & time` அழுத்தி, காலண்டரில் குறித்துவைத்த நம்மூர்த் தேதியையும் நேரத்தையும் தட்டுங்கள். AM, PM இரண்டையும் சத்தமாகப் படித்துப் பாருங்கள். விடிகாலை 4:30-ஐ மாலை 4:30 என்று வைத்தால், அவருக்கு அது காலை ஏழு மணி, வேலைக்கு ஓடுகிற நேரம்.

`Schedule send` அழுத்தியதும் கடிதம் இடது பக்கம் `Scheduled` என்ற பெட்டிக்குப் போய்விடும். அதன் பிறகு கணினியை மூடலாம், கரண்ட் போகலாம், நெட் போகலாம். கடிதம் கூகுளின் சர்வரிலிருந்து கிளம்புகிறது, நம் வீட்டிலிருந்து இல்லை. ஒரே நேரத்தில் நூறு கடிதம் வரை இப்படி வைத்திருக்கலாம். பெறுகிறவர் பார்க்கும் நேரம் அது அனுப்பப்பட்ட நேரம், அதுவும் அவருடைய ஊர் நேரத்தில். நீங்கள் முந்தாநாள் எழுதியது அவருக்குத் தெரியாது.

அவுட்லுக் பயன்படுத்துகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. புதிய அவுட்லுக்கிலும் இணையத்தில் திறக்கும் அவுட்லுக்கிலும் இதே போல `Schedule send` இருக்கிறது. பழைய மேசைக்கணினி அவுட்லுக்கில் `Options` பட்டியில் `Delay Delivery` என்று இருக்கும். அதில் POP அல்லது IMAP கணக்கு போட்டிருந்தால், அந்த நேரம் வரை அவுட்லுக் திறந்தே இருக்க வேண்டும். கணினியை மூடிவிட்டுத் தூங்கினால் கடிதம் `Outbox`-ல் கிடக்கும், காலையில் நீங்கள் திறக்கும்போதுதான் கிளம்பும். அதாவது அங்கே நள்ளிரவில். விடிகாலை நேரம் வைக்கிறவர்கள் பேசாமல் இணையத்தில் திறந்து வைப்பதே மேல்.

4. கடிதத்துக்குள் இருப்பதும் அந்த நேரத்துக்குப் பொருந்த வேண்டும்

நேரம் வைத்த கடிதத்தில் "இன்று", "நாளை", "நேற்று பேசியபடி" என்று எழுதாதீர்கள். வெள்ளிக்கிழமை எழுதி செவ்வாய்க்கிழமை போய்ச் சேரும் கடிதத்தில் நாளை என்பது எந்த நாள்? கிழமையும் தேதியும் சேர்த்து எழுதுங்கள். நேரம் குறிப்பிட்டால் "டொராண்டோ நேரம் காலை 10, இந்திய நேரம் மாலை 7:30" என்று இரண்டையும் எழுதுங்கள். அவர் கணக்குப் போட வேண்டியதில்லை, போட்டால் தப்பாகத்தான் போடுவார்.

அடுத்து இணைப்புகள். வீட்டுக்காரர் என்னிடம் கேட்டது சேர்க்கைக் கடிதம், கல்விக்கடன் அனுமதித்ததற்கான வங்கிக் கடிதம் இரண்டும். வங்கிக் கடிதத்தைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து ஸ்கேன் செய்திருந்ததால் கோப்பு பெரிதாகிவிட்டது. ஜிமெயிலில் 25 எம்பிக்கு மேல் போனால் அது இணைப்பாகப் போகாது, கூகுள் டிரைவ் சுட்டியாக மாறிவிடும். அதை நான் கவனிக்கவில்லை. விடிகாலை நாலரைக்கு, அவருக்கு இரவு ஏழு மணிக்கு, கடிதம் சரியாகப் போனது. அவர் சுட்டியை அழுத்தியிருக்கிறார். திறக்கவில்லை, அனுமதி கேட்டிருக்கிறது. அவர் கேட்ட அனுமதி என் பெட்டியில் வந்து காத்திருந்தது. நான் ஏழு மணிக்கு எழுந்து பார்ப்பதற்குள் அங்கே இரவு ஒன்பதரை. மனுஷன் படுத்துவிட்டார், ஒரு நாள் போயிற்று.

கோப்பைச் சுருக்கி நேரடி இணைப்பாகவே வையுங்கள், எல்லாம் சேர்ந்து ஐந்து எம்பிக்குள் வந்தால் நல்லது. சுட்டிதான் வழி என்றால், அதில் `Anyone with the link` வைத்துவிட்டு, ஜிமெயிலில் உள்நுழையாத வேறு உலாவியில் திறந்து பாருங்கள். அங்கே திறந்தால் அவருக்கும் திறக்கும். வேலை முடிந்ததும் அனுமதியை எடுத்துவிடுங்கள், வங்கிக் கடிதம் அது.

இணைத்த கோப்பு நேரம் வைத்த அன்றைய நகல். பிறகு உங்கள் கணினியில் திருத்தினாலும் கடிதத்தில் பழையதுதான் போகும். டிரைவ் சுட்டியில் தலைகீழ்: நடுவில் என்ன திருத்தினாலும் அவர் பார்ப்பது திருத்தியதை.

5. `Scheduled` பெட்டியை இரண்டு தடவை பாருங்கள்

முதல் தடவை, வைத்த உடனே. பெட்டியைத் திறந்தால் கடிதத்துக்கு எதிரே எப்போது போகும் என்று காட்டும். தாளில் குறித்ததோடு ஒப்பிடுங்கள். தப்பாக இருந்தால் கடிதத்தைத் திறந்து `Cancel send` அழுத்த வேண்டும்.

இதில் ஒரு பள்ளம். `Cancel send` அழுத்தியதும் கடிதம் வரைவாக மாறி `Drafts`-க்குப் போய்விடும். ஓர் எழுத்துப்பிழையைத் திருத்திவிட்டு அப்படியே மூடினால் பழைய நேரம் நினைவில் இருக்காது, கடிதம் போகவே போகாது. திருத்தியபின் மறுபடி முதலிலிருந்து நேரம் வைக்க வேண்டும். என் அறை நண்பன் ஒருவன் இப்படி ஒரு கடிதத்தை அனுப்பிவிட்டதாக நினைத்து மூன்று வாரம் பதிலுக்குக் காத்திருந்தான்.

இரண்டாவது தடவை, அன்று இரவு படுக்கப் போகும் முன். நடுவில் அவர்களே எழுதியிருக்கலாம். அவர்கள் பதில் வந்துவிட்டது என்பதற்காக நேரம் வைத்த கடிதம் தானாக நிற்காது. "அறை இன்னும் இருக்கிறதா" என்று நான் வைத்திருந்த நினைவூட்டல், அவர் "இருக்கு தம்பி, உங்களுக்குத்தான்" என்று எழுதிய மூன்று மணி நேரத்துக்குப் பின் போயிருந்தால் எப்படி இருந்திருக்கும்? படுக்கும் முன் பார்த்ததால் தப்பித்தேன்.

முதல் முறை செய்கிறவர்கள், உங்களுடைய இன்னொரு முகவரிக்கோ வீட்டில் ஒருவருக்கோ பத்து நிமிடம் தள்ளி ஒரு கடிதம் வைத்துப் பாருங்கள். எங்கே போய் உட்காருகிறது, எப்படி வருகிறது என்று கண்ணால் பார்த்துவிட்டால் பயம் போய்விடும்.

6. கெடு இருக்கும் கடிதத்துக்கு நேரம் வைக்காதீர்கள்

விண்ணப்பம், கட்டண ரசீது, "இத்தனை மணிக்குள் பதில்" என்று கேட்ட எதுவாக இருந்தாலும் எழுதி முடித்தவுடனே அனுப்புங்கள். அங்கே நள்ளிரவாக இருந்தால் இருக்கட்டும். அலுவலக மின்னஞ்சலுக்காக இரவில் யாரும் பதறி எழுவதில்லை, காலையில் வந்து பார்ப்பார்கள். மார்ச் 9 கடிதத்தை நான் வெள்ளிக்கிழமையே அனுப்பியிருந்தால் இரவு ஒன்றரை மணிக்குச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார வேண்டி வந்திருக்காது. ஆளை எழுப்புவது போனில் மணி அடிக்கிற செய்திதான்.

7. போன் செய்திகள்

ஆண்ட்ராய்டில் கூகுளின் மெசேஜஸ் செயலியில், அனுப்பும் பொத்தானை அழுத்திப் பிடித்தால் நேரம் வைக்கலாம். ஜிமெயிலுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் முக்கியம்: இங்கே செய்தி கிளம்புவது உங்கள் போனிலிருந்து. அந்த நேரத்தில் போன் ஆனாக இருக்க வேண்டும், இணைப்பும் இருக்க வேண்டும். விடிகாலை நாலரைக்கு வைத்துவிட்டு இரவில் போனை ஏரோபிளேன் மோடில் போட்டுத் தூங்குகிறவர்கள் கவனியுங்கள்.

செலவு இதில்தான். கனடா எண்ணுக்கு எஸ்எம்எஸ் போனால் உங்கள் நிறுவனத்தின் வெளிநாட்டுக் கட்டணம் பிடிக்கும், அதை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் எழுதினால் ஒரு எஸ்எம்எஸ்ஸில் 160 எழுத்து கொள்ளும், தமிழில் எழுதினால் 70-தான். அதிலும் புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனியாக எண்ணப்படும். "வணக்கம்" நமக்கு ஐந்து எழுத்து, அதற்கு ஏழு. நாலு வரி தமிழில் எழுதினால் மூன்று நான்கு எஸ்எம்எஸ் காசு போய்விடும்.

ஐபோனில் iOS 18 முதல் `Send Later` இருக்கிறது. பதினான்கு நாள் வரை முன்னதாக வைக்கலாம். ஆனால் ஐமெசேஜுக்கு மட்டும், எதிரே இருப்பவரிடமும் ஆப்பிள் இருந்தால்தான் உதவும்.

எனக்குப் பிடித்தது டெலிகிராம். அனுப்பும் பொத்தானை அழுத்திப் பிடித்தால் `Schedule Message` வரும். செய்தி அவர்கள் சர்வரில் காத்திருக்கும், நம் போன் அணைந்திருந்தாலும் போகும். அங்கேயே `Send When Online` என்றும் இருக்கும். அதை அழுத்தினால் அவர் அடுத்து டெலிகிராமைத் திறக்கும்போதுதான் செய்தி போகும். கடிகாரக் கணக்கே வேண்டாம், அவர் விழித்திருக்கிறார் என்பதை அவர் கையே சொல்லிவிடுகிறது. அவர் கடைசியாக வந்த நேரத்தை நமக்குக் காட்டியிருந்தால் மட்டுமே இந்த வசதி தெரியும். நேரம் வைக்க மனமில்லாவிட்டால் `Send Without Sound` என்று ஒன்று இருக்கிறது, செய்தி சத்தமில்லாமல் போய் உட்காரும்.

வாட்ஸ்அப்பில் நான் இதையெல்லாம் செய்த நாட்களில் என் போனில் இந்த வசதி இல்லை. நேரம் வைத்து வாட்ஸ்அப் அனுப்பித் தருகிறோம் என்று வெளியார் செயலிகள் சில இருக்கின்றன. நிறுவும்போது `Accessibility` அனுமதி கேட்பார்கள். அதைக் கொடுத்தால் திரையில் தெரியும் எல்லாவற்றையும் அந்தச் செயலி படிக்க முடியும், வங்கிச் செயலியின் திரை உட்பட. நான் நிறுவவில்லை. செய்தியை எழுதி அனுப்பாமல் விட்டுவிடுவேன், வரைவாக அங்கேயே இருக்கும். நாலரைக்கு அலாரம் வைத்து எழுந்து ஒரு தட்டு. வீட்டுக்காரருக்கு இரண்டு தடவை அப்படித்தான் அனுப்பினேன், அவர் டெலிகிராமில் இல்லை.

8. ஊர் போய்ச் சேர்ந்த பிறகு

விமானம் ஏறும் முன் `Scheduled` பெட்டியைக் காலி செய்யுங்கள், அல்லது அதில் உள்ள ஒவ்வொன்றையும் சரிபாருங்கள். நேரம் வைத்தபோது எந்த ஊர்க் கணக்கில் வைத்தீர்களோ அந்த ஊர்க் கணக்கில்தான் அவை போகும். டொராண்டோவில் இறங்கியபின் அவை தானாக அந்த ஊர் நேரத்துக்கு மாறிக்கொள்ளாது.

போன் இறங்கியவுடன் தானாக நேரத்தை மாற்றிக்கொள்ளும். மடிக்கணினி எல்லா நேரமும் மாற்றாது. என்னுடையதில் தானாக நேர மண்டலம் அமைக்கும் வசதி அணைந்திருந்தது. முதல் வாரம் முழுக்க அது திருச்சி நேரத்திலேயே ஓடியது, நானும் கவனிக்கவில்லை. அந்த வாரம் காலை ஒன்பது என்று நான் வைத்த கடிதம் முந்தைய இரவு பதினொன்றரைக்குப் போயிருக்கிறது. இறங்கிய அன்றே கணினி அமைப்பில் நேர மண்டலத்தைப் பார்த்து மாற்றிவிடுங்கள், காலண்டரின் அமைப்பிலும் பாருங்கள்.

இப்போது கணக்கு தலைகீழ். அம்மா விடிகாலை ஐந்தரைக்கு எழுந்து வாசல் தெளித்துவிட்டுத்தான் போனைப் பார்ப்பார். நான் மதியம் வகுப்பு முடிந்து எழுதுகிற நேரத்தில் அங்கே நள்ளிரவு. மணி அடித்தால் வீட்டுக்காரர் எழுந்ததைப் போலத்தான் அம்மாவும் பதறி எழுந்திருப்பார். டெலிகிராமில் இரவு எட்டேகாலுக்கு வைக்கிறேன், அம்மாவுக்கு ஐந்தே முக்கால். நவம்பர் முதல் ஞாயிறு வந்ததும் அதை ஏழேகாலாக மாற்ற வேண்டும். காலண்டரில் எழுதி வைத்திருக்கிறேன்.